வெள்ளி, சனி லீவு என்றால் வேலை நாள் கணக்கு எங்கே பிசகும்?

கட்டார், குவைத், சவூதி, ஓமான், பஹ்ரேன் ஆகிய நாடுகளில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ வீட்டிலிருந்தே அங்குள்ள கொம்பனி ஒன்றுக்கு ஓடர் பதிபவர், சம்பளக் கணக்குச் செய்பவர் எல்லோருக்கும் விரிதாளில் ஒரு சிக்கல் வரும். எக்செல் தானாக எடுத்துக்கொள்ளும் வார விடுமுறை சனியும் ஞாயிறும். அதை மாற்றச் சொல்லாவிட்டால் அது நமது ஊர்க் கலண்டரில்தான் எண்ணும்.

முறிகண்டிப் பக்கத்துத் தங்கச்சி ஒருவர் தோஹாவிலுள்ள பொருள் விநியோகக் கடை ஒன்றுக்கு விநியோகத் திகதி போடும் வேலை செய்கிறார். அவர் கேட்ட கேள்வி இது: "அண்ணை, முக்கால்வாசி ஓடருக்குத் திகதி சரியா வருது. இடைக்கிடை ஒண்டு மட்டும் வெள்ளிக்கிழமையில போய் விழுது. ஃபைலில வைரஸ் ஏதும் இருக்குமோ?" வைரஸ் இல்லை. ஆனால் "இடைக்கிடை" என்று அவர் சொன்னதில்தான் விசயம் முழுவதும் இருக்கிறது.

கீழே வரும் எல்லா அறிகுறிகளுக்கும் ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம். ஓடர் வந்த நாள் 2025 டிசம்பர் 9, செவ்வாய். அது A2 கலத்தில் இருக்கிறது. எட்டு வேலை நாளில் பொருள் போய்ச் சேர வேண்டும். அந்த 8 B2 இல் இருக்கிறது. சரியான சூத்திரம்:

```
=WORKDAY.INTL(A2,B2,7)
```

மூன்றாவது இடத்திலுள்ள 7 தான் வெள்ளி, சனி விடுமுறைக்கான இலக்கம். கையால் எண்ணிப் பாருங்கள். 10 புதன், 11 வியாழன் இரண்டு நாள். 12, 13 லீவு. 14 ஞாயிறு தொடங்கி 18 வியாழன் வரை ஐந்து நாள். மொத்தம் ஏழு. 19, 20 லீவு. எட்டாவது நாள் டிசம்பர் 21, ஞாயிறு. தேசிய தினம் போன்ற விடுமுறைகளை இப்போதைக்கு விட்டுவிடுவோம். அதற்குப் பிறகு வருகிறேன்.

அறிகுறி 1: பிழைச் செய்தி எதுவும் இல்லை, சில திகதிகள் மட்டும் வெள்ளியில் விழுகின்றன

சூத்திரத்தில் மூன்றாவது இடம் வெறுமையாக இருக்கும், அல்லது பழைய `WORKDAY` சார்பு இருக்கும். இரண்டுமே சனி, ஞாயிறு விடுமுறை என்று எடுத்துக்கொள்ளும். நமது உதாரணத்துக்கு அது டிசம்பர் 19, வெள்ளி என்று விடை தரும். பொருள் இறக்க அங்கே ஆள் இருக்காது.

மற்ற ஓடர்கள் ஏன் சரியாக வந்தன? திங்கள் முதல் வியாழன் வரையான நான்கு நாளும் இரண்டு கலண்டரிலும் வேலை நாள்தான். வித்தியாசம் ஒரு நாளில் மட்டும்: அங்கே ஞாயிறு வேலை, இங்கே வெள்ளி வேலை. ஆகவே ஓடர் வேலை நாள் ஒன்றில் வந்திருந்தால், ஐந்து நாள் சுற்று ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு விடைதான் பிசகும். செவ்வாயில் தொடங்கினால் 3, 8, 13 ஆகிய நாட்கள் வெள்ளியில் விழும். 1, 2, 4, 5 சரியாகவே வரும். 10 நாள் என்று போட்டுச் சோதித்தவருக்கு இரண்டு சூத்திரமும் டிசம்பர் 23 என்றே காட்டும், அவரும் திருப்தியாக ஃபைலை அனுப்பிவிடுவார்.

தொடக்க நாள் மாறினால் பிசகும் எண்ணும் மாறும். திங்களில் வந்த ஓடருக்கு 4 ஆவது நாள் பிசகும். ஞாயிறில் வந்த ஓடருக்கு 5 ஆவது நாள் பிசகும். வெள்ளியிலோ சனியிலோ மின்னஞ்சலில் வந்த ஓடர் என்றால் நிலைமை வேறு: எல்லா விடையும் பிந்திப் போகும். டிசம்பர் 12 வெள்ளியில் பதிந்த ஓடரின் முதல் வேலை நாள் உண்மையில் 14 ஞாயிறு. பழைய சூத்திரமோ 15 திங்கள் என்கிறது. அங்கிருந்து ஒவ்வொரு விடையும் ஒரு நாள் பிந்தியே வரும்.

இதனால் ஒரு விடையை மட்டும் பார்த்துச் சரி என்று சொல்லக் கூடாது. தொடர்ந்து ஐந்து விடை பார்க்க வேண்டும். வெற்று நிரல் ஒன்றில் D2 முதல் D6 வரை 1, 2, 3, 4, 5 என்று எழுதி, பக்கத்தில் இதைப் போட்டுக் கீழே இழுங்கள்:

```
=WEEKDAY(WORKDAY.INTL($A$2,D2,7),2)
```

கடைசியிலுள்ள 2, திங்களை 1 ஆகவும் ஞாயிறை 7 ஆகவும் எண்ணச் சொல்கிறது. வெள்ளி 5, சனி 6. சரியான சூத்திரத்துக்கு 3, 4, 7, 1, 2 என்று வரும். எங்காவது 5 அல்லது 6 தெரிந்தால் அமைப்புப் பிழை. 7 ஒரு தடவையாவது வராவிட்டாலும் பிழைதான், ஞாயிறை அது லீவாக எடுக்கிறது. உங்கள் ஃபைலில் இருக்கும் சூத்திரத்தை, A2 ஐ $A$2 ஆகவும் B2 ஐ D2 ஆகவும் மட்டும் மாற்றி, அந்த `WORKDAY.INTL` இருக்கும் இடத்தில் வைத்துப் பாருங்கள். பழையது என்றால் 3, 4, 5, 1, 2 என்று வரும். நடுவிலுள்ள அந்த ஐந்துதான் தங்கச்சியின் "இடைக்கிடை".

அறிகுறி 2: 7 போட்டாகிவிட்டது, ஆனாலும் விடை மாறவில்லை

சார்பின் பெயரைப் பாருங்கள். இப்படி இருக்கும்:

```
=WORKDAY(A2,B2,7)
```

`.INTL` இல்லாத `WORKDAY` சார்பில் மூன்றாவது இடம் வார விடுமுறைக்கு உரியதல்ல, பொது விடுமுறைப் பட்டியலுக்கு உரியது. எக்செல் திகதிகளை 1900 ஜனவரி 1 இலிருந்து எண்ணாக வைத்திருப்பதால் இந்த 7 ஐ "1900 ஜனவரி 7 விடுமுறை" என்று விளங்கிக்கொள்கிறது. அது செல்லுபடியான திகதி என்பதால் பிழைச் செய்தி வராது. நூறு வருடத்துக்கு முந்திய லீவு ஒன்று உங்கள் டிசம்பர் ஓடரை அசைக்கப் போவதுமில்லை. விடை டிசம்பர் 19 வெள்ளியிலேயே நிற்கும்.

`NETWORKDAYS` சார்பிலும் இதே கதைதான். சத்தம் போடாமல் பிழைவிடும் சூத்திரம் என்பதால் இதை நான் மற்ற எல்லாவற்றிலும் மோசமானது என்பேன். ஃபைல் முழுவதும் தேடி, `.INTL` இல்லாதவற்றை மாற்றிவிடுவது நல்லது. மாற்றும்போது கவனம்: பழைய சூத்திரத்தின் மூன்றாவது இடத்தில் உண்மையான விடுமுறைப் பட்டியல் இருந்தால், அதை நான்காவது இடத்துக்கு நகர்த்த வேண்டும்.

அறிகுறி 3: ஏழு இலக்கக் குறி பயன்படுத்தியபின் வெள்ளியில் விழுகிறது, அல்லது #NUM! வருகிறது

7 என்ற இலக்கத்துக்குப் பதிலாக ஏழு எழுத்துக் குறியும் கொடுக்கலாம். 0 என்றால் வேலை, 1 என்றால் லீவு. முதல் இடம் திங்கள். வெள்ளி ஐந்தாவது, சனி ஆறாவது:

```
=WORKDAY.INTL(A2,B2,"0000110")
```

நமது சுவர்க் கலண்டர்களில் வாரம் பெரும்பாலும் ஞாயிறில் தொடங்கும். அந்தப் பழக்கத்தில் எண்ணினால் வெள்ளி ஆறாவதாகவும் சனி ஏழாவதாகவும் போய் "0000011" என்று எழுதுவோம். எக்செல் அதை சனி, ஞாயிறு என்று வாசிக்கும். மாற்றியதுபோல இருக்கும், உண்மையில் பழைய இடத்துக்கே திரும்பியிருப்போம். குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு: லிப்ரே ஆபிஸில் `.INTL` இல்லாத `NETWORKDAYS` சார்புக்கு நான்காவது இடத்தில் கொடுக்கும் வேலை நாள் பட்டியல் ஞாயிறில்தான் தொடங்குகிறது. அங்கே பழகிய கை இங்கே பிழைவிடும்.

இனி மேற்கோள் குறி. அதை மறந்து 0000110 என்று மட்டும் எழுதினால், முன்னால் உள்ள சுழியங்கள் கழன்று 110 ஆகிவிடும். 110 என்ற விடுமுறை இலக்கம் இல்லாததால் #NUM! வரும். இது நல்ல பிழை, உடனே தெரிந்துவிடுகிறது. ஆனால் ஞாயிறில் தொடங்கி எண்ணியவர் மேற்கோள் குறியையும் மறந்தால் 0000011 வெறும் 11 ஆகும். 11 செல்லுபடியான இலக்கம்: ஞாயிறு மட்டும் விடுமுறை. வெள்ளி, சனி இரண்டையும் வேலை நாளாக எண்ணி டிசம்பர் 18 வியாழன் என்று விடை தரும். கிழமை வேலை நாள், திகதி பிழை. பார்வைக்குப் பிடிபடவே பிடிபடாது. மேலே சொன்ன ஐந்து வரிச் சோதனை இதையும் பிடிக்கும்: 3, 4, 5, 6, 1 என்று வரும்.

குறியைச் சூத்திரத்தில் எழுதாமல் ஒரு கலத்தில் வைத்து அதைக் காட்டுபவர்களுக்கும் இதே சுழியச் சிக்கல் உண்டு. கலத்தில் எழுதும்போது முதலில் ஒரு ஒற்றை மேற்கோள் குறி இடுங்கள்: `'0000110`. அப்போது அது எழுத்தாகவே நிற்கும். என்னைக் கேட்டால், இரண்டு நாள் விடுமுறைக்கு இந்தக் குறியே தேவையில்லை, 7 போதும். மூன்று நாள் விடுமுறை அல்லது அடுத்தடுத்து வராத இரு நாள் விடுமுறைக்கு மட்டும்தான் குறி அவசியம்.

அறிகுறி 4: விடை சனிக்கிழமையில் விழுகிறது

ஃபைலில் 6 இருக்கிறதா பாருங்கள். 6 என்றால் வியாழன், வெள்ளி. சவூதியில் 2013 ஜூன் வரை வார விடுமுறை அப்படித்தான் இருந்தது, பிறகுதான் வெள்ளி, சனிக்கு மாறியது. அந்தக் காலத்து மாதிரி ஃபைல் ஒன்று கைமாறிக் கைமாறி உங்களிடம் வந்திருக்கலாம். நமது எட்டு நாள் உதாரணத்துக்கு 6 உம் டிசம்பர் 21 என்ற அதே விடையைத்தான் தரும். 7 நாள் என்று போட்டால்தான் குட்டு வெளிப்படும்: சரியான விடை 18 வியாழன், 6 தருவது 20 சனி.

16 என்று இருந்தால் வெள்ளி மட்டும் லீவு, 17 என்றால் சனி மட்டும். கட்டடத் தளங்கள் பலவற்றில் வெள்ளி மட்டும்தான் லீவு, ஆகவே 16 ஐ உடனே பிழை என்று அழிக்காமல் அந்த ஆட்களின் வேலை நாளைக் கேட்டுப் பாருங்கள். அமீரகத்துக் கணக்கு என்றால் 7 ஐப் போடவே வேண்டாம். அங்கே 2022 ஜனவரியில் அரசு வார விடுமுறையைச் சனி, ஞாயிறுக்கு மாற்றி, வெள்ளியை அரை நாள் ஆக்கிவிட்டார்கள். அரை நாளை எண்ண இந்தச் சார்புக்குத் தெரியாது.

அறிகுறி 5: 7 சரி, சார்பும் சரி, ஆனாலும் ஒரு வரி வெள்ளியில் நிற்கிறது

அந்த வரியில் B2 வெறுமையா, அல்லது 0 ஆ என்று பாருங்கள். பூச்சிய நாள் கூட்டினால் சார்பு தொடக்கத் திகதியை அப்படியே திருப்பித் தரும், அது லீவு நாளா என்று பார்க்காது. "வந்த அன்றே அனுப்பு, லீவு என்றால் அடுத்த வேலை நாளில் அனுப்பு" என்பது விதியானால் ஒரு நாள் பின்னால் போய் ஒரு வேலை நாள் முன்னால் வாருங்கள்:

```
=WORKDAY.INTL(A2-1,1,7)
```

A2 வெள்ளி என்றால் ஞாயிறு வரும். A2 வேலை நாள் என்றால் அதே நாள் வரும்.

அறிகுறி 6: விடுமுறைப் பட்டியல் சேர்த்ததும் பிழை வருகிறது, அல்லது கீழ் வரிகள் அதைக் கவனிப்பதில்லை

பட்டியல் நான்காவது இடத்தில் இருக்க வேண்டும். மூன்றாவதில் வைத்தால் சார்பு அதை வார விடுமுறை இலக்கமாக வாசிக்கப் பார்த்துப் பிழைச் செய்தி காட்டும்.

```
=WORKDAY.INTL(A2,B2,7,$H$2:$H$15)
```

அந்த டொலர் குறிகள் இல்லாமல் சூத்திரத்தைக் கீழே இழுத்தால் பட்டியலும் ஒவ்வொரு வரியாகக் கீழே நகரும். இரண்டாவது வரி H3 இலிருந்து பார்க்கும், மூன்றாவது H4 இலிருந்து. மேல் வரிகள் சரி, கீழ் வரிகள் விடுமுறையை விட்டுவிடுகின்றன என்றால் காரணம் இதுதான்.

பட்டியலில் இருக்க வேண்டியவை அந்த நாட்டு விடுமுறைகள். கட்டாரின் தேசிய தினம் டிசம்பர் 18, அது 2025 இல் வியாழன். அதைச் சேர்த்தால் நமது விடை 21 இலிருந்து 22 திங்களுக்குப் போகும். இங்கே ஒரு பொறி இருக்கிறது: சனி, ஞாயிறு லீவென்று எண்ணும் பழைய அமைப்பில் இதே விடுமுறையைச் சேர்த்தாலும் 22 திங்கள்தான் வரும். விடுமுறையைச் சேர்த்ததும் விடை "சரியாகிவிட்டது" என்று நினைத்து வார அமைப்பைப் பார்க்காமல் விடுபவர்கள் உண்டு. ஐந்து வரிச் சோதனையை விடுமுறைப் பட்டியல் இல்லாமல் முதலில் செய்து, பிறகு பட்டியலைச் சேருங்கள்.

தைப்பொங்கலும் போயாவும் உங்கள் வீட்டு லீவு, தோஹாவின் லீவு அல்ல. அவை அந்தப் பட்டியலில் வரக் கூடாது. பெருநாள் நாட்கள் பிறை பார்த்துத் தீர்மானிக்கப்படுவதால் வருடத் தொடக்கத்தில் போட்ட திகதி ஒரு நாள் மாறலாம். அறிவிப்பு வந்த அன்றே H நிரலைத் திருத்த வேண்டும்.

அறிகுறி 7: நாட்களை எண்ணும்போது ஒன்று கூடுதலாக வருகிறது

`WORKDAY.INTL` எட்டு நாள் கூட்டி டிசம்பர் 21 தந்தது. அதைச் சரிபார்க்க இரண்டு திகதிக்கும் இடையே எத்தனை வேலை நாள் என்று கேட்டால்:

```
=NETWORKDAYS.INTL(A2,C2,7)
```

C2 இல் 21 இருந்தால் விடை 9. இது பிழையல்ல. முதல் சார்பு தொடக்க நாளை எண்ணுவதில்லை, அடுத்த நாளிலிருந்துதான் தொடங்கும். இரண்டாவது சார்பு தொடக்க நாள், முடிவு நாள் இரண்டையும் எண்ணும். ஓடர் வந்த நாளே முதல் நாள் என்று கொம்பனி எண்ணினால் `WORKDAY.INTL(A2-1,B2,7)` என்று எழுதுங்கள், விடை டிசம்பர் 18 ஆகும். எது முறை என்பதை விரிதாள் சொல்லாது, கொம்பனியிடம்தான் கேட்க வேண்டும்.

சம்பளத்துக்கு மாத வேலை நாள் எண்ணுபவர்கள் இந்தச் சார்பில் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். 2025 டிசம்பரில் வெள்ளியும் நான்கு, ஞாயிறும் நான்கு. ஆகவே எந்த அமைப்பில் எண்ணினாலும் 23. நவம்பரில் ஞாயிறு ஐந்து, வெள்ளி நான்கு: 7 போட்டால் 21, போடாவிட்டால் 20. 2026 ஜனவரியில் தலைகீழ்: 7 போட்டால் 21, போடாவிட்டால் 22. டிசம்பரை வைத்து ஃபைலைச் சோதித்தவருக்கு ஜனவரிச் சம்பளத்தில் ஒரு நாள் இடறும். 28 நாள் பெப்ரவரியில் எல்லாக் கிழமையும் நான்கு நான்கு என்பதால் அதை வைத்துச் சோதிப்பது வீண்.

அறிகுறி 8: விடை டிசம்பரில் இல்லை, செப்டெம்பரில் வருகிறது

நாம் 09/12/2025 என்று நாளை முதலில் எழுதுகிறோம். கணினியின் பிராந்திய அமைப்பு அமெரிக்கா என்றிருந்தால் அது செப்டெம்பர் 12. எட்டு நாள் கூட்டினால் செப்டெம்பர் 23 வரும். 13/12/2025 போன்றவற்றில் 13 ஆம் மாதம் இல்லாததால் அது திகதியாகாமல் எழுத்தாகவே நின்று #VALUE! தரும். ஒரே நிரலில் சில வரி வேறு மாதத்துக்குப் போய், சில வரி #VALUE! காட்டினால் வார விடுமுறையை நோண்ட வேண்டாம், பிராந்திய அமைப்பைத் திருத்தி, திகதிகளைத் திரும்ப எழுதுங்கள். சந்தேகமுள்ள கலத்தை இப்படிச் சோதிக்கலாம்:

```
=ISNUMBER(A2)
=MONTH(A2)
```

முதலாவது TRUE ஆகவும் இரண்டாவது 12 ஆகவும் வர வேண்டும்.

சின்ன விசயங்கள்

விடை 46012 என்று வந்தால் கணக்கு சரி. அது டிசம்பர் 21 இன் எண் வடிவம். கலத்தின் வடிவமைப்பைத் திகதிக்கு மாற்றினால் போதும்.

#NAME? வந்தால் அந்தக் கணினியில் எக்செல் 2007 அல்லது அதற்கு முந்தியது இருக்கலாம். `.INTL` சார்புகள் எக்செல் 2010 இல்தான் வந்தன. கூகுள் ஷீட்ஸில் அதே ஃபைலைத் திறந்தால் அதே சூத்திரம், அதே 7 வேலை செய்யும்.

எழுதி முடித்து என்டர் அடித்ததுமே சூத்திரம் பிழை என்று மறுத்தால், அந்தக் கணினி காற்புள்ளிக்குப் பதிலாக அரைப்புள்ளி கேட்கும் அமைப்பில் இருக்கலாம். `=WORKDAY.INTL(A2;B2;7)` என்று எழுதிப் பாருங்கள்.